திரும்பத் திரும்ப ஓட வருகிறவர்களைப் பழைய ஷீட்டில் எப்படிப் பிடிப்பது?

அடிவாரம் | நவம்பர் 8, இரவு 9.40

சேலத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து ஓட்டம் நடத்துகிறோம். மூக்கனேரிக் கரையில் ஒன்று, ஊருக்குள் ஒன்று, அடிவாரத்திலிருந்து ஏற்காடு மலைப்பாதையில் ஒன்று. வருகிற பிப்ரவரி மலை ஓட்டத்துக்கு 400 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. போன தடவை பதிவு திறந்த அன்றைக்கே நிரம்பிவிட்டது, முதல் வருடத்திலிருந்து கூடவே வந்த ஆட்கள் பலருக்கு இடம் கிடைக்கவில்லை. அதனால் இந்த முறை பழைய ஆட்களுக்கு இரண்டு நாள் முன்பாகப் பதிவைத் திறந்துவிட்டு, கட்டணத்திலும் கொஞ்சம் குறைக்கலாம் என்று முடிவு.

பிரச்சினை என்னவென்றால் "பழைய ஆட்கள்" யார் என்று யாருக்கும் தெரியாது. முகம் தெரியும், பட்டியல் கிடையாது. கையில் இருப்பது நான்கு கூகுள் ஷீட். நான்கையும் ஒரே ஷீட்டில் ஒட்டிவிட்டேன், ஆயிரத்துச் சொச்சம் வரி. இனி என்ன செய்வது? மென்பொருள் வாங்குகிற அளவுக்குப் பணம் இல்லை.

நாலுரோடு | நவம்பர் 8, இரவு 9.58

இதுக்கு எதுக்குங்க இவ்வளவு யோசனை. போன் நம்பர் இருக்கில்லையா? `COUNTIF` போடுங்க, மூணுக்கு மேல வந்தா பழைய ஆள். அஞ்சு நிமிச வேலை.

ஏற்காடுவாசி | நவம்பர் 8, இரவு 10.15

நான் வருடம் தவறாமல் மே மாதம் மலர்க் கண்காட்சிக்குப் போகிறேன். அதற்கும் இப்படிச் சலுகை உண்டா? யாரிடம் கேட்க வேண்டும்?

அடிவாரம் | நவம்பர் 8, இரவு 10.21

அது அரசு நடத்துவதுங்க. நாங்கள் வெறும் ஓட்டம்.

வரிசை எண் | நவம்பர் 9, காலை 6.30

அடிவாரம், நாலுரோடு சொன்னபடி எண்ணுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி. ஷீட்டில் இருப்பது பதிவு செய்தவர்களா, வந்தவர்களா? ஒரே வீட்டில் நான்கு பேருக்கு அப்பா நம்பரையே போட்டுப் பதிவு செய்வது உங்களிடமும் உண்டா? முடிந்தால் ஒரு குடும்பத்தின் வரிகளை மட்டும் நம்பரை மறைத்து இங்கே போடுங்கள், அதை வைத்தே பேசலாம்.

அடிவாரம் | நவம்பர் 9, மதியம் 1.10

வந்தாரா இல்லையா என்று தனியாக ஒரு பத்தி வைத்திருக்கிறோம். அப்பா நம்பர் விஷயம் தாராளமாக உண்டு. கீழே இருப்பது ஷீட்டில் இருக்கும் மாதிரியே, பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஏரி24 என்றால் 2024 ஏரி ஓட்டம், மற்றதும் அப்படியே.

```
ஏரி24     S.Senthilkumar    ...417   ஆம்
மலை25    Senthil Kumar S   ...417   ஆம்
மலை25    Kavitha S         ...417   ஆம்
ஏரி25     Sendhil           ...417   இல்லை
ஏரி25     Kavin             ...417   ஆம்
நகரம்25   senthilkumar      ...902   ஆம்
```

செந்திலை எனக்கு நேரில் தெரியும். ஏரி24, மலை25, நகரம்25 மூன்றிலும் ஓடினார். கவிதா அவர் மனைவி, மலைக்கு மட்டும் வந்தார். கவின் பையன். ஏரி25க்குச் செந்திலுக்குக் காய்ச்சல், பையன் மட்டும் வந்தான். நடுவில் நம்பர் மாற்றிவிட்டார்.

நாலுரோடு | நவம்பர் 9, மதியம் 1.32

சரி, COUNTIF போட்டா 417க்கு அஞ்சு வருது, ஒத்துக்கறேன். ஆனா வரியை எண்ணாம நிகழ்வை எண்ணினா? ஏரி24, மலை25, ஏரி25. மூணு. செந்தில் வந்ததும் மூணு. நான் சொன்னதுதான் சரி.

வரிசை எண் | நவம்பர் 9, இரவு 8.05

விடை சரி, கணக்கு தப்பு. உங்கள் மூன்றில் ஒன்று கவின் ஓடியது. செந்தில் ஓடிய நகரம்25 வேறு நம்பரில் இருப்பதால் உங்கள் கணக்குக்குள் வரவே இல்லை. ஒன்று கூடி ஒன்று குறைந்ததால் பொருந்திவிட்டது. காய்ச்சல் வராமல் அவரும் ஏரி25க்கு ஓடியிருந்தால் நான்கு வந்திருக்க வேண்டும், உங்கள் முறையில் அப்போதும் மூன்றுதான் வரும்.

நம்பர் என்பது வீட்டு வாசல் மாதிரி, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று அது சொல்லாது. அதனால் நம்பரோடு பெயரையும் சேர்த்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும். பெயரை அப்படியே வைத்தால் பொருந்தாது, நம் ஊரில் இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், புள்ளியோடு வரும், இல்லாமலும் போகும். ஆகவே இனிஷியலைக் கழித்துவிட்டு, இடைவெளியை எடுத்துவிட்டு, முதல் நான்கு எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். A நிகழ்வு, B பெயர், C நம்பர், D வந்தாரா என்று வைத்தால் இப்படி:

```
E2: =RIGHT(REGEXREPLACE(TO_TEXT(C2),"\D",""),10)
F2: =LEFT(SUBSTITUTE(REGEXREPLACE(LOWER(B2),"\b[a-z]\b|[^a-z]",""),"dh","th"),4)
G2: =E2&"-"&F2
H2: =COUNTUNIQUEIFS(A:A,G:G,G2,D:D,"ஆம்")
```

E நம்பரில் இலக்கம் அல்லாததை எல்லாம் தட்டிவிட்டுக் கடைசிப் பத்தை எடுக்கும், +91 போட்டவர், 0 போட்டவர், நடுவில் இடைவெளி விட்டவர் எல்லாம் ஒன்றாகிவிடுவார்கள். F செந்திலின் எல்லா எழுத்துக்கூட்டலையும் `sent` ஆக்கும், Sendhil உட்பட. H வரிகளை எண்ணாது, வந்த நிகழ்வுகளை மட்டும் எண்ணும். கவனிக்க, அந்த "ஆம்" ஷீட்டில் எப்படித் தட்டப்பட்டிருக்கிறதோ அப்படியே சூத்திரத்திலும் இருக்க வேண்டும்.

அடிவாரம் | நவம்பர் 9, இரவு 11.20

போட்டுப் பார்த்தேன். அருமை. ஆனால் முதலிடத்தில் ஒரு மகாராசன் நிற்கிறார், நான்கு நிகழ்வுக்கும் வந்தவர், அவர் பெயரில் பல வரிகள். E பத்தியில் அவருடைய நம்பர் `91944311`. யாருங்க இது?

வரிசை எண் | நவம்பர் 10, காலை 6.15

அவர் ஆளே இல்லை. ஷீட்டை யாரோ இடையில் எக்செலில் திறந்து CSV ஆகச் சேமித்திருக்கிறார்கள். 91 சேர்த்த 12 இலக்க எண்ணை எக்செல் `9.19443E+11` என்று சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் CSV ஆகச் சேமித்தால் கண்ணுக்குத் தெரிவதுதான் கோப்பில் போகும், மீதி இலக்கங்கள் போனது போனதுதான். பிறகு என் சூத்திரம் புள்ளியையும் E+ஐயும் கழித்ததும் `91944311` ஆகிவிட்டது. நம்பர் 9443 என்று ஆரம்பிக்கும் ஆட்கள் பலர் அதில் ஒட்டிக்கொண்டிருப்பார்கள், அதிலும் பெயரின் முதல் நான்கெழுத்து ஒத்துப்போன செந்தில்கள் எல்லாம் ஓர் ஆள், மணிகண்டன்கள் எல்லாம் ஓர் ஆள் என்று ஆகிவிட்டார்கள்.

E பத்தியில் நீளம் பத்து இல்லாத வரிகளைத் தனியாகப் பிரியுங்கள். அவற்றுக்கு மூலப் படிவத்தின் பதில்களிலிருந்து நம்பரை மறுபடி எடுங்கள். அது கூகுளில் பத்திரமாக இருக்கும்.

குப்பனூர் வழி | நவம்பர் 10, காலை 7.02

அந்த மகாராசனுக்கு ஒரு கோப்பை கொடுத்திருக்கலாம். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவையும் ஒரே நேரத்தில் பல உருவில் ஏறியவர்.

இடையில் ஒரு கேள்வி, இந்த மலை ஓட்டத்தைக் குப்பனூர் பக்கமாக வைக்க மாட்டீர்களா? அந்த வழியில் வண்டி கம்மி, சைக்கிளில் போகும்போது ஒரு பஸ்ஸைத்தான் பார்ப்பேன்.

அடிவாரம் | நவம்பர் 10, காலை 7.30

குப்பனூர் பேச்சைத் தனியாக வைத்துக்கொள்வோம் தம்பி.

செவ்வாய்ப்பேட்டை | நவம்பர் 10, மதியம் 3.45

எனக்கு கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் கடையிலும் வீட்டிலும் மொய் நோட்டு எழுதி வளர்ந்தவன். மொய் நோட்டில் வெறும் "முருகன் 501" என்று எவனும் எழுத மாட்டான். ஊரு, அப்பா பெயர், தேவைப்பட்டால் தொழில். "ஓமலூர் ராமசாமி மகன் முருகன், லாரி" என்று எழுதினால் இருபது வருடம் கழித்து அவர் வீட்டுக் கல்யாணத்துக்குத் திருப்பிச் செய்யும்போது ஆள் மாறாது. வந்து எழுதிவிட்டுச் சாப்பிடாமல் போனவனும் நோட்டில் உண்டு, பத்திரிகை வாங்கிக்கொண்டு வராதவன் கிடையாது. உங்கள் ஃபார்மில் அப்பா பெயர் கேட்க வேண்டியதுதானே?

வரிசை எண் | நவம்பர் 10, மாலை 5.10

ஐயா சொன்னதுதான் இந்த இழையிலேயே நல்ல வரி. மாறாத இன்னொரு விவரம் வேண்டும். ஓட்டத்தில் வயதுப் பிரிவுக்காகப் பிறந்த தேதி எப்படியும் கேட்பீர்கள், அதுவே போதும். வயது என்று மட்டும் கேட்டிருந்தால் உதவாது, வருடா வருடம் மாறும்.

அடிவாரம் | நவம்பர் 10, இரவு 9.15

பிறந்த தேதி இருக்கிறது. அது வேண்டியும் இருக்கிறது, ஏனென்றால் இப்போதுதான் பார்த்தேன், நான்கெழுத்து முறையில் கவிதாவும் கவினும் ஒரே ஆள். இரண்டும் `kavi`. அம்மா மலைக்கு, மகன் ஏரிக்கு, சேர்த்து இரண்டு நிகழ்வு என்று காட்டுகிறது. எங்கள் வீட்டிலேயே அண்ணன் பிள்ளைகள் ஹரிணி, ஹரிஷ். நம் ஆட்கள் பிள்ளைகளுக்கு ஒரே எழுத்தில் ஆரம்பித்துப் பெயர் வைப்பதை நிறுத்தப்போவதில்லை, ஆகவே G பத்தியில் பிறந்த வருடத்தையும் சேர்த்துவிட்டேன். வருடம் மட்டும்தான். முழுத் தேதியையும் வைத்தால் ஒருமுறை நாளை முன்னும் ஒருமுறை மாதத்தை முன்னும் போட்டவர்கள் இரண்டு ஆளாகப் பிரிகிறார்கள்.

இன்னொன்று. சிலர் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறார்கள். சூத்திரம் a-z தவிர எல்லாவற்றையும் துடைப்பதால் அவர்களுக்கு F பத்தி காலி. ஒரே நம்பரில் தமிழில் எழுதிய எல்லோரும் பெயரில்லாத ஒரே ஆளாக நிற்கிறார்கள். கொஞ்சப் பேர்தான், கையால் ஆங்கில எழுத்தில் போட்டுவிட்டேன். தமிழில் எழுதியதற்குத் தண்டனையா என்று யாராவது கேட்டால் பதில் இல்லை.

நாலுரோடு | நவம்பர் 10, இரவு 9.40

`SR Senthil` என்று ரெண்டு எழுத்து இனிஷியல் சேர்ந்து வந்தா உங்க சூத்திரம் `srse`ன்னு ஆக்குதே. பார்த்தீங்களா?

வரிசை எண் | நவம்பர் 10, இரவு 10.02

சரியாகப் பிடித்தீர்கள். பின்னால் வந்தால் பிரச்சினை இல்லை, முன்னால் வந்தால் தவறும். அதற்கும் விதி எழுதலாம், ஆனால் `Jo`, `Om` என்று ஈரெழுத்துப் பெயர் உள்ளவர்கள் அடிபடுவார்கள். ஒவ்வொரு விதியும் யாரையாவது சேர்க்கும், யாரையாவது பிரிக்கும். ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு மிச்சத்தைக் கண்ணால் பார்ப்பதுதான் சிக்கனம்.

அடிவாரம் | நவம்பர் 12, இரவு 10.30

கண்ணால் பார்க்கிற வேலையை ஆரம்பித்தேன். நம்பர் மாறிய செந்தில் மாதிரி ஆட்களை எப்படிச் சேர்ப்பது என்று யோசித்து, F பத்தியின் நான்கெழுத்துப் பெயரும் பிறந்த வருடமும் ஒன்றாக இருந்து நம்பர் மட்டும் வேறாக உள்ள வரிகளைத் தனியாகப் பிரித்தேன். அதில் மின்னஞ்சலையும் ஒப்பிட்டேன். செந்தில் ஒரு தடவை முகவரியில் நடுவில் புள்ளி வைத்திருக்கிறார், இன்னொரு தடவை வைக்கவில்லை. ஜிமெயில் புள்ளியைக் கணக்கில் எடுப்பதில்லை, இரண்டும் ஒரே பெட்டிதான். ஆனால் ஷீட்டுக்கு இரண்டும் வேறு. புள்ளியை எடுத்துவிட்டு ஒப்பிட்டதும் பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டன.

மீதியில் குழப்பம். 1988இல் பிறந்த இரண்டு மணிகண்டன், வேறு வேறு நம்பர், வேறு வேறு மின்னஞ்சல். ஒரே ஆளா, இரண்டு ஆளா?

வரிசை எண் | நவம்பர் 13, காலை 6.20

தெரியாது. தெரியாததைச் சேர்க்காதீர்கள் என்றுதான் பொதுவாகச் சொல்வேன், ஆனால் இங்கே எந்தப் பக்கம் தப்பினால் வலிக்கும் என்று பார்க்க வேண்டும். இரண்டு புது ஆட்களை ஒரு பழைய ஆளாகச் சேர்த்துவிட்டால், ஒருவருக்குத் தகுதியில்லாத ஒரு சலுகை போகும், அவர் சந்தோஷமாகப் பதிவு செய்துவிட்டுப் போவார். மூன்று முறை வந்தவரை மூன்று துண்டாகப் பிரித்துவிட்டால் அவருக்கு எதுவும் வராது, பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்திருக்கும், உங்கள் குரூப்பில் சத்தம் கேட்கும். ஆகவே கொஞ்சம் தாராளமாகப் போகலாம். அதோடு "நான் மூன்று முறை வந்தேன், எனக்குச் செய்தி வரவில்லை" என்பவர் எழுதிக் கேட்க ஒரு சின்னப் படிவம் வையுங்கள், சட்டையில் குத்தி ஓடிய பிப் எண்ணோ ஓடிய புகைப்படமோ கேளுங்கள். சேலம் சின்ன ஊர், பொய் சொல்ல வெட்கப்படுவார்கள்.

சேலத்து மருமகள் | நவம்பர் 13, காலை 11.15

என் கதையைச் சொல்கிறேன். நான் வார இறுதியில் குழந்தைகளுக்குக் களிமண் வகுப்பு நடத்துகிறேன். அடிக்கடி வரும் அம்மாக்களுக்கு என்று ஒரே ஒரு கூப்பன் கோட் அனுப்பினேன், யாருக்கும் சொல்லாதீர்கள் என்றும் எழுதினேன். மதியத்துக்குள் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் அது ஓடிக்கொண்டிருந்தது. வகுப்புக்கு ஒருநாளும் வராதவர்கள் பாதி விலையில் உள்ளே, பழைய அம்மாக்கள் வெளியே. யாரையும் திட்டவும் முடியவில்லை, எல்லோரும் "நல்ல விஷயம் பகிர்ந்தேன்" என்றார்கள்.

வரிசை எண் | நவம்பர் 13, இரவு 8.40

அக்கா சொன்னது மிக முக்கியம். பொதுக் கோட் வேண்டாம். ஆளுக்கு ஒன்று, ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் கோட் கொடுங்கள். உங்கள் பதிவுத் தளத்தில் அது முடியாதென்றால், முன்பதிவு நேரத்தில் பட்டியலில் உள்ள நம்பருக்கு மட்டும் ஓடிபி போகும்படி வைக்கலாம். கோட் பகிரப்படலாம், ஓடிபி அவ்வளவு எளிதாகப் பகிரப்படாது. ஆனால் அப்பா நம்பர் விவகாரம் இங்கே திரும்பி வரும், ஒரே நம்பரில் தகுதியான இருவர் இருந்தால் இரண்டு இடம் தர வேண்டும். பட்டியலில் நம்பரோடு எத்தனை பேர் என்றும் ஒரு பத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், போன் நம்பர் நிரந்தரம் என்று நினைக்காதீர்கள். கம்பெனி மாறினால் நம்பர் மாறாது, அது 2011இலிருந்தே நாடு முழுக்க அப்படித்தான். ஆனால் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் துண்டிக்கப்பட்டுக் கொஞ்ச காலத்தில் வேறொருவர் கைக்குப் போய்விடும். 2024 ஷீட்டில் இருக்கும் நம்பருக்கு நீங்கள் அனுப்பும் சலுகை, ஓட்டம் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவருக்குப் போகலாம்.

அடிவாரம் | நவம்பர் 15, இரவு 9.50

பட்டியல் ஓரளவு தயார், அடுத்த சிக்கல். 2024 டிசம்பரில் மலை ஓட்டம் வைத்திருந்தோம். ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதால் அது நடக்கவில்லை, பணம் கட்டியவர்களை அப்படியே பிப்ரவரிக்கு மாற்றினோம். அந்த வரிகள் டிசம்பருக்கும் இருக்கின்றன, பிப்ரவரிக்கும் இருக்கின்றன. டிசம்பருக்கு "வந்தாரா" காலியாக இருப்பதால் எண்ணிக்கையில் வராது, அது சரி. ஆனால் பணம் கட்டிவிட்டுப் பிப்ரவரிக்கு வர முடியாமல் போனவர்கள் பாவம் இல்லையா? மழைக்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

நாலுரோடு | நவம்பர் 15, இரவு 10.05

வரலைன்னா வரலை. காசு கட்டினவனெல்லாம் பழைய ஆள்னா எங்க அபார்ட்மென்ட் ஜிம்ல நான்தான் நம்பர் ஒன்.

அடிவாரம் | நவம்பர் 15, இரவு 10.12

சிரித்துவிட்டேன். சரி, எண்ண மாட்டோம். அவர்களுக்கு வேறு வழியில் பார்க்கலாம்.

ஆனால் "வந்தார்" என்பதே எங்களிடம் இரண்டு மாதிரி. ஏரி ஓட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பிப் வாங்கியவரை "ஆம்" என்று குறித்திருக்கிறார்கள். மலைக்கு அடிவாரத்தில் தொடக்கக் கோட்டில் டைமிங் மேட் இருந்ததால் சிப் தாண்டியவர் மட்டும் "ஆம்". பிப் வாங்கி வீட்டில் தூங்கியவர் ஏரியில் வந்தவர், மலையில் வராதவர். ஏரிக்கு முடிவில் பதக்கம் கொடுக்கும்போது பிப்பில் டிக் அடித்த தாள் ஒரு பையில் இருக்கிறது, அதை வைத்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன். மழையில் நனைந்த தாள், சில எண்கள் 3ஆ 8ஆ என்று தெரியவில்லை.

குப்பனூர் வழி | நவம்பர் 16, காலை 7.10

நான் ஏரி25க்கு என் மச்சான் பிப்பில் ஓடினேன். அவருக்குத் திடீரென்று டூட்டி. இப்போது அவருக்குத்தான் சலுகை வருமா? அவர் பத்தடி நடக்க ஆட்டோ தேடுகிறவர்.

அடிவாரம் | நவம்பர் 16, காலை 7.25

வரும். இதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை. மலையில் நெஞ்சுவலி, மயக்கம் என்று ஏதாவது ஆனால் பிப்பின் பின்னால் இருப்பது மச்சானின் ரத்த வகை, அதை முதலில் யோசித்துக்கொள்ளுங்கள் தம்பி. இனிமேல் பெயர் மாற்றிக்கொள்ள ஒரு கடைசித் தேதி வைக்கப்போகிறோம், அதற்குள் சொன்னால் பெயரை மாற்றித் தருவோம்.

வரிசை எண் | நவம்பர் 16, இரவு 8.30

சலுகை என்ன தருவது என்பதைப் பற்றி யாருமே பேசவில்லை. முன்கூட்டிப் பதிவு, இடம் தீர்ந்துபோகும் நிகழ்வில் மட்டும்தான் பரிசு. மலை ஓட்டம் ஒரே நாளில் நிரம்புகிறது, அங்கே இரண்டு நாள் முன்னால் திறப்பதே பெரிய விஷயம், அதற்கு மேல் தள்ளுபடி எதற்கு? ஏரி ஓட்டம் கடைசி வரை நிரம்புவதில்லை என்றால் அங்கே முன்பதிவு யாருக்கும் வேண்டாம், தள்ளுபடிதான் வேண்டும். இரண்டையும் எல்லாவற்றுக்கும் கொடுத்தால் கையிலிருந்து காசு போகும், பலன் தெரியாது.

இன்னொன்று, எத்தனை பேருக்கு முன்கூட்டித் திறக்கிறீர்கள் என்று முதலில் எண்ணுங்கள். இரண்டு முறை வந்தவர் என்று வைத்தால் எத்தனை, மூன்று முறை என்றால் எத்தனை?

அடிவாரம் | நவம்பர் 16, இரவு 10.40

இரண்டு என்றால் 230 பேர். மூன்று என்றால் 96. 400 இடத்தில் 230 பேர் முன்னாலேயே உட்கார்ந்தால் புது ஆட்களுக்குப் பாதி இடம்கூட மிஞ்சாது, அடுத்த வருடம் பழைய ஆள் என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். குழுவில் பேசி, நான்கில் மூன்று என்று வைத்தோம். இரண்டு முறை வந்தவர்களுக்கு ஏரி ஓட்டத்தில் தள்ளுபடி. கட்டணக் குறைப்பை மலையிலிருந்து எடுத்துவிட்டோம், வரிசை எண் சொன்னது நியாயம்.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை. கல்லூரிக்காக இந்த வருடம்தான் சேலம் வந்த பிள்ளைகள், வந்ததிலிருந்து ஒன்றையும் விடாதவர்கள், அவர்களால் இரண்டுக்கு மேல் காட்டவே முடியாது. நான்கில் மூன்று என்பது சீக்கிரம் வந்தவர்களுக்குச் சாதகம்.

சேலத்து மருமகள் | நவம்பர் 17, காலை 10.20

அந்த 96 பேர் பட்டியலைக் குரூப்பில் போடப்போகிறீர்களா? தயவுசெய்து வேண்டாம். அதில் நம்பர், பிறந்த வருடம் எல்லாம் இருக்கிறது. போன தடவை வேறு ஒரு நிகழ்வில் அப்படிப் போட்டதும் புரோட்டீன் பவுடர் விற்கிறவர் எனக்கு மாதக்கணக்கில் செய்தி அனுப்பினார்.

வரிசை எண் | நவம்பர் 17, இரவு 8.15

அக்கா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், எதற்காக விவரம் வாங்குகிறோமோ அந்த நோக்கத்தைச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. பழைய படிவத்தில் நீங்கள் ஓட்டத்துக்கு என்று மட்டும் சொல்லி வாங்கியிருப்பீர்கள். அடுத்த படிவத்திலிருந்து "அடுத்த நிகழ்வுகளில் முன்னுரிமை தர என் வருகையைச் சேர்த்து எண்ணலாம்" என்று ஒரு கட்டம் வையுங்கள், தானாக டிக் விழாமல். கவின் மாதிரி 18க்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். விளம்பரதாரர் பட்டியல் கேட்டால் கொடுக்காதீர்கள், எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள்.

நாலுரோடு | நவம்பர் 17, இரவு 8.31

ஓட்டம் நடத்தறதுக்கு வக்கீல் வேற வேணுமா? நல்லா இருக்கு.

கொண்டை ஊசி 9 | நவம்பர் 18, இரவு 11.05

எல்லாம் படித்தேன். எனக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் ஒன்பதாவது வளைவில் தண்ணீர் கொடுப்பவன். விடிவதற்கு முன்னால் கேனோடு மேலே போய், கடைசி ஆள் தாண்டும்வரை நின்று, கப்புகளைப் பொறுக்கிவிட்டு இறங்குவேன். ஒரு நிகழ்வையும் விட்டதில்லை. உங்கள் எந்த ஷீட்டிலும் நான் இல்லை, ஏனென்றால் நான் பதிவு செய்ததே இல்லை. இந்த வருடம் ஒருதடவை நானும் ஓடலாம் என்று இருக்கிறேன். நான் புது ஆளா?

அடிவாரம் | நவம்பர் 18, இரவு 11.30

அண்ணா, நீங்கள் இல்லையென்றால் பாதிப் பேர் பத்தாவது வளைவையே பார்த்திருக்க மாட்டார்கள். காலையில் குழுவில் கேட்கிறேன்.

அடிவாரம் | நவம்பர் 20, இரவு 9.10

தன்னார்வலர்களையும் ஒரு வருகையாக எண்ணுவது என்று ஒத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு 30 இடம் தனியாக ஒதுக்கியாயிற்று, ஓடாதவர் தன் இடத்தை இன்னொருவருக்குத் தரலாமா என்பதில் சண்டை நடக்கிறது, முடியவில்லை. இதற்கான பட்டியல் எங்கே இருக்கிறது என்று தேடினால் ஒரு கோடு போட்ட நோட்டில், "வளைவு 5: மணி, மணி தம்பி, டீக்கடை செந்தில்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம்பர் கிடையாது, பிறந்த வருடம் கிடையாது. செவ்வாய்ப்பேட்டை ஐயா, மொய் நோட்டு எழுத ஒரு நாள் எங்கள் பசங்களுக்கு வகுப்பு எடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை | நவம்பர் 21, காலை 8.00

எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. அந்த நோட்டையும் கொண்டு வாங்க, "மணி தம்பி" யாருன்னு டீக்கடையிலேயே விசாரிச்சுடலாம்.